ஞாயிற்றுக்கிழமை யாருக்கு விடுமுறை? ஒரு சிறிய ஆய்வு போஸ்டராகும் விதம்

கல்லூரிகளின் சமூகவியல் துறைகளில் மாணவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து ஒரு சிறிய கள ஆய்வு செய்வார்கள். அதன் சாரத்தை ஒரே தாளில் அச்சிட்டுச் சுவரில் மாட்டி, பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும். இதைத்தான் போஸ்டர் பிரசன்டேஷன் என்கிறார்கள். வேலை எளிதாகத் தோன்றும். ஆனால் இப்படிப்பட்ட கண்காட்சி அரங்குக்குள் போய்ப் பார்த்தால் அறிமுகம், நோக்கங்கள், கருதுகோள், ஆய்வு முறை, முடிவுரை என்று அறிக்கையின் எல்லா அத்தியாயங்களும் பொடி எழுத்தில் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். வருகிறவர் தலைப்பைப் படிப்பார், நிற்கும் மாணவரைப் பார்த்து ஒரு புன்னகை செய்வார், அடுத்த போஸ்டருக்கு நகர்ந்துவிடுவார்.

இதற்குக் காரணம் வடிவமைப்புத் திறமை இல்லாதது அல்ல. போஸ்டரை அறிக்கையின் சுருக்கம் என்று நினைப்பதுதான் காரணம். அறிக்கையைப் படிப்பவர் தனியாக உட்கார்ந்து படிக்கிறார். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை, அதனால் எல்லாவற்றையும் அதில் எழுதியாக வேண்டும். போஸ்டருக்குப் பக்கத்திலோ ஆய்வு செய்தவரே நிற்கிறார். ஆகவே தாளில் எதை வைப்பது, எதை வாயில் வைத்துக்கொள்வது என்று பிரிப்பதுதான் போஸ்டர் வேலையின் மையம். அந்தப் பிரிவினையைச் சரியாகச் செய்ய ஒரே வழி, பார்வையாளர்கள் கேட்கக்கூடிய கேள்விகளை முதலில் எழுதிக்கொண்டு, பிறகு போஸ்டரைத் தொடங்குவது.

இதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு முழுதாகப் பார்க்கலாம். கீழே வரும் ஆய்வும் அதன் எண்களும் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவை. எந்த ஊரிலும் எடுத்த கணக்கு அல்ல. தேசியக் கணக்கெடுப்பைப் பற்றியும் பிற அறிஞர்களைப் பற்றியும் சொல்பவை மட்டும் உண்மைத் தரவுகள்.

ஆய்வு என்ன?

நான்கு மாணவிகள் தங்கள் ஊரில் 24 வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எல்லா வீட்டிலும் கணவன், மனைவி இருவரும் சம்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஒரு வியாழக்கிழமை போய், “நேற்று விடிகாலை நான்கு மணியிலிருந்து இன்று விடிகாலை நான்கு மணி வரை என்னென்ன செய்தீர்கள்?” என்று அரை மணி அரை மணியாகக் கேட்டு எழுதுகிறார்கள். அதேபோல ஒரு திங்கட்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கிறார்கள். கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். இது அவர்களே கண்டுபிடித்த முறை அல்ல. இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பிலும் விடிகாலை நான்கு மணி முதல் மறுநாள் நான்கு மணி வரை என்று இப்படித்தான் அரை மணிக் கட்டங்களாகக் கேட்டார்கள்.

சமைப்பது, பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, பெருக்குவது, தண்ணீர் பிடிப்பது, கடைக்குப் போவது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் சராசரி இப்படி வருகிறது. புதன்கிழமை மனைவிக்கு 250 நிமிடம், கணவருக்கு 35 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு 340 நிமிடம், கணவருக்கு 70 நிமிடம்.

இந்த ஆய்வில் சமூகவியல் எங்கே இருக்கிறது? பெண்களே அதிகம் வீட்டு வேலை செய்கிறார்கள் என்பது புதுச்செய்தி அல்ல. அதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: கணவர் வெளியில் அதிக நேரம் உழைக்கிறார், அதனால் வீட்டில் செய்ய நேரம் இல்லை. புதன்கிழமைக்கு இந்தக் காரணம் பொருந்தலாம். ஞாயிற்றுக்கிழமை இருவருமே வேலைக்குப் போகவில்லை. இருவர் கையிலும் நேரம் இருக்கிறது. நேரமின்மைதான் காரணம் என்றால் அன்றைக்கு இருவருக்கும் இடையிலான வித்தியாசம் குறைய வேண்டும். குறையவில்லை, 215 நிமிடமாக இருந்தது 270 நிமிடமாகக் கூடியிருக்கிறது. மாணவிகளின் ஆய்வு சொல்லும் செய்தி இதுதான். போஸ்டரில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் இந்தச் செய்திக்குத் துணை நிற்க வேண்டும். நிற்காதது போஸ்டருக்கு வேண்டாம்.

தலைப்பும் முதல் வாக்கியமும்

“பணிபுரியும் தம்பதியரின் இல்லப் பணிப் பகிர்வு: ஒரு சமூகவியல் ஆய்வு” என்பது அறிக்கையின் அட்டைக்குச் சரியான தலைப்பு. நடந்துபோகிறவரை அது நிறுத்தாது. அதில் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. “ஞாயிற்றுக்கிழமை யாருக்கு விடுமுறை?” என்ற கேள்வி அவரை நிறுத்தும். ஏனென்றால் அதற்கு அவரவர் வீட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது.

கேள்விக்கு உடனே கீழே பதிலை எழுதிவிட வேண்டும். முடிவைக் கடைசிக் கட்டத்தில் வைத்தால் பலர் அதுவரை வர மாட்டார்கள். 2019இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் முனைவர் பட்ட மாணவராக இருந்த மைக் மாரிசன், முடிவை எளிய மொழியில் பெரிய எழுத்தில் போஸ்டரின் நடுவிலேயே வைக்க வேண்டும் என்று ஒரு காணொளியில் வாதாடினார். உலகம் முழுவதும் பல மாநாடுகளில் அந்த வடிவம் பரவியது. அதை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் ஐந்தாறு அடி தள்ளி நிற்பவர் கண்ணுக்கு முதலில் படுவது முடிவாகத்தான் இருக்க வேண்டும் என்ற அவருடைய அடிப்படைக் கருத்து சமூகவியலுக்கும் பொருந்தும்.

ஒரே ஒரு படம்

சமூகவியலுக்கும் சுவரில் மாட்டும் படத்துக்கும் உறவு பழையது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அமெரிக்கச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ், அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து கையால் வரைந்து வண்ணம் தீட்டிய சுமார் 60 வரைபடங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. கறுப்பின மக்கள் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட சில பத்தாண்டுகளில் நிலம், கல்வி, தொழில் ஆகியவற்றில் எங்கே வந்திருக்கிறார்கள் என்பதை அவை காட்டின. பார்வையாளர்கள் பிரான்ஸ் மக்கள் என்பதால் பல படங்களில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சிலும் எழுதியிருந்தார்கள். எழுத்து மிகக் குறைவு. ஒரு படத்துக்கு ஒரு செய்தி.

அவற்றுள் புகழ்பெற்ற ஒரு படம், 1890இல் ஜார்ஜியா மாநிலக் கறுப்பின மக்கள் நகரத்தில் எத்தனை பேர், கிராமத்தில் எத்தனை பேர் என்று காட்டுவது. பெரிய நகரங்களில் 78,139 பேர். கிராமப்புறத்தில் 7,34,952 பேர். கிராமத்துக்கான கோட்டை நேராக இழுத்தால் தாளுக்கு வெளியே போய்விடும் என்பதால் அதைச் சிவப்பு நிறத்தில் சுருள் சுருளாகச் சுற்றி வரைந்தார்கள். கண்ணை இழுக்கும் படம். ஆனால் சுருளின் நீளத்தை நேர்கோட்டின் நீளத்தோடு கண்ணால் ஒப்பிட முடியாது. எண்களைப் பக்கத்திலேயே எழுதியிருந்ததால்தான் படம் ஏமாற்றாமல் தப்பித்தது. நம் மாணவிகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: ஒரு படத்துக்கு ஒரு செய்தி, எண்ணைப் படத்தின் மேலேயே எழுதுவது.

24 வீடு என்ற சிறிய எண்ணிக்கைக்கு எந்தப் படம் பொருத்தம்? வட்டத்தைத் துண்டு போடும் படம் இங்கே உதவாது. அது ஒரு முழுமையின் பங்குகளைக் காட்டுவதற்கானது. நான்கு பட்டைகள் வரையலாம். ஆனால் சராசரிக்குப் பின்னால் வீட்டுக்கு வீடு இருக்கும் வேறுபாடு மறைந்துவிடும். இதற்குச் சிறந்தது புள்ளிப் படம். மனைவி புதன், மனைவி ஞாயிறு, கணவர் புதன், கணவர் ஞாயிறு என்று நான்கு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் 24 புள்ளிகள். ஒரு புள்ளி ஒரு மனிதர். சராசரி இருக்கும் இடத்தில் ஒரு தடித்த கோடு. அதன் பக்கத்தில் “5 மணி 40 நிமிடம்” என்று எழுத்து. அளவுகோல் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். இப்போது கணவர் ஞாயிறு வரிசையில் ஒன்பது புள்ளிகள் பூஜ்யத்திலேயே குவிந்து கிடப்பதும், ஒரே ஒரு புள்ளி நான்கு மணி நேரத்துக்குப் பக்கத்தில் தனியாக நிற்பதும் கண்ணுக்குத் தெரியும். அந்தத் தனிப் புள்ளிதான் சராசரியை மேலே இழுக்கிறது என்பதும் புரியும். “எல்லா ஆண்களும் இப்படியா?” என்ற கேள்விக்கு இந்தப் படமே பாதி பதில் சொல்லிவிடும்.

எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது சதவீதம் எழுதக் கூடாது. “37.5 சதவீதக் கணவர்கள்” என்றால் நூற்றுக்கணக்கானோரைக் கேட்டது போன்ற எண்ணம் வரும். “24 கணவர்களில் 9 பேர்” என்று எழுதினால் உள்ளது உள்ளபடி தெரியும்.

தாளில் போகும் எழுத்து

ஆங்கிலப் போஸ்டர்களுக்கு 300 சொல் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். தமிழில் வேற்றுமை உருபுகளும் துணைவினைகளும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஒவ்வொரு சொல்லும் நீளம். நூறு சொல்லுக்கு மேல் போனாலே தாள் நிறைந்ததுபோல் தோன்றும். நம் மாணவிகளின் போஸ்டருக்கு இவ்வளவு எழுதினால் போதும்:

*ஞாயிற்றுக்கிழமை யாருக்கு விடுமுறை?*

*விடுமுறை நாளில் மனைவிக்கு வீட்டு வேலை ஒன்றரை மணி நேரம் கூடுகிறது. கணவருக்கு 35 நிமிடம் கூடுகிறது.*

*ஏன் கேட்டோம்? கணவருக்கு நேரம் இல்லாததால்தான் வீட்டு வேலை மனைவி மேல் விழுகிறது என்பார்கள். இருவருக்கும் நேரம் இருக்கும் நாளில் என்ன நடக்கிறது என்று பார்க்க விரும்பினோம்.*

*எப்படிக் கேட்டோம்? இருவரும் வேலைக்குப் போகும் 24 வீடுகள். ஒரு புதன், ஒரு ஞாயிறு. முந்தைய நாள் செய்ததை அரை மணிக் கட்டங்களாக, கணவன் மனைவியிடம் தனித்தனியே கேட்டோம்.*

*என்ன கண்டோம்? வாரம் முழுதும் சேர்ந்த துவையல், மாவு ஆட்டுவது, வீடு கழுவுவது, கறிச் சமையல் எல்லாம் ஞாயிறன்று மனைவியிடம் வருகின்றன. கணவர்களின் கூடுதல் நேரம் பெரும்பாலும் கடைக்குப் போவதில் செலவாகிறது. 24 கணவர்களில் 9 பேர் அன்று எந்த வேலையும் செய்யவில்லை.*

*எதைச் சொல்ல முடியாது? இது எங்களுக்கு அறிமுகமான 24 வீடுகளின் கணக்கு. ஊர் முழுதுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. குழந்தை பராமரிப்பைச் சேர்க்கவில்லை.*

கடைசிக் கட்டத்தைப் பல குழுக்கள் விட்டுவிடுகின்றன. குறையைத் தாமே எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்ற பயம். நடப்பது வேறு. எல்லையைத் தாளிலேயே எழுதிவிட்டவரிடம் பார்வையாளர் அதைக் குற்றச்சாட்டாகக் கேட்பதில்லை, “ஏன் குழந்தை பராமரிப்பைச் சேர்க்கவில்லை?” என்று உரையாடலாகக் கேட்கிறார். எழுதாமல் மறைத்தவரிடம் அதே கேள்வி தாக்குதலாக வருகிறது.

ஹோக்‌ஷீல்ட், ஓக்லி போன்ற அறிஞர்களின் பெயர்களும், கருதுகோள், மாதிரித் தேர்வு முறை, கேள்வித்தாள் போன்றவையும் போஸ்டரில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவை வேண்டாதவை அல்ல. கேட்பவருக்குச் சொல்ல அவை மாணவியின் வாயிலும், கையில் இருக்கும் கோப்பிலும் இருக்கின்றன.

அச்சுக்குப் போகும் முன்

கல்லூரிக் கண்காட்சிக்கு ஏ1 அளவு, அதாவது சுமார் 59 செ.மீ. அகலம், 84 செ.மீ. உயரம் போதும். உடல் எழுத்து 28 பாயின்டுக்குக் குறையக் கூடாது. முடிவு வாக்கியம் அதைப்போல் இரண்டு மடங்காவது, தலைப்பு மூன்று மடங்காவது இருக்கலாம். தமிழில் எழுத்துக்கு மேலே கொக்கியும் புள்ளியும், கீழே உகர வளைவுகளும் வருவதால் வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் மோதும்.

எழுத்து போதுமான பெரிதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. போஸ்டரை ஏ4 தாளில் சுருக்கி அச்செடுங்கள். 28 பாயின்ட் எழுத்து அதில் சுமார் 10 பாயின்டாகிவிடும், அதாவது புத்தக எழுத்தின் அளவு. கையை நீட்டிப் பிடித்துக் கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிந்தால் பெரிய தாளிலும் தொலைவிலிருந்து படிக்கலாம். முடியாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்காமல் வாக்கியத்தை வெட்ட வேண்டும்.

டி.டி.பி. கடையில் நடக்கும் பெரிய விபத்து எழுத்துருவில்தான். யூனிகோடில் அடித்ததைக் கடையில் பழைய மென்பொருளில் திறக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறி, “பெண்கள்” என்ற சொல் படிக்க முடியாததாகிவிடும். கோப்பை எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. முழு அளவில் அச்சிடும் முன் ஒரு ஏ4 மாதிரியைக் கடையிலேயே எடுத்து ஒவ்வொரு எண்ணையும் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பளபளக்கும் பிளெக்ஸில் குழல் விளக்கின் வெளிச்சம் பட்டுப் படத்தின் நடுப்பகுதி தெரியாமல் போகும். மேட் தாள் நல்லது. நிறங்கள் இரண்டு போதும். சிவப்பும் பச்சையும் வேண்டாம். நிறக்குருடு உள்ளவர்களில் பலருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

கேள்விகளும் பதில்களும்

யாராவது நின்றதும் போஸ்டரை மேலிருந்து கீழாக ஒப்பிக்கக் கூடாது. ஓரமாக நின்று, படத்தைக் கையால் காட்டி, மூன்றே வாக்கியம் சொன்னால் போதும்: “ஐயா, இருவரும் வேலைக்குப் போகும் 24 வீடுகளில் வீட்டு வேலை நேரத்தைக் கேட்டோம். இது புதன், இது ஞாயிறு. விடுமுறை நாளில் வித்தியாசம் குறையும் என்று நினைத்தோம், கூடியிருக்கிறது.” பிறகு நிறுத்திவிட வேண்டும். கேள்வி வரும்.

*“24 வீடு போதுமாம்மா?”* கட்டாயம் வரும் கேள்வி இது. “ஊர் முழுவதும் இப்படித்தான் என்று சொல்லப் போதாது, சார். ஆனால் ‘நேரம் இல்லாததுதான் காரணம்’ என்ற விளக்கத்தின் மேல் சந்தேகம் எழுப்பப் போதும்” என்பது நேர்மையான பதில். தொடர்ந்து கேட்டால், ஆன் ஓக்லி லண்டனில் 40 இல்லத்தரசிகளைப் பேட்டி கண்டு 1974இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். வீட்டு வேலையை ஒரு வேலையாகவே எடுத்துச் சமூகவியல் படிக்கத் தொடங்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சிறிய ஆய்வின் பலம், எத்தனை பேர் என்று எண்ணுவதில் இல்லை. எப்படி நடக்கிறது என்று நெருங்கிப் பார்ப்பதில் இருக்கிறது.

*“கணவர்களின் நேரம் இரண்டு மடங்காகியிருக்கிறதே! மனைவிக்கு மூன்றில் ஒரு பங்குதானே கூடியிருக்கிறது?”* கணக்குத் தெரிந்தவர் கேட்பார். அவர் சொல்வது சரிதான். 35 நிமிடம் 70 ஆவது இரண்டு மடங்கு, 250 நிமிடம் 340 ஆவது சுமார் 36 சதவீதம். சிறிய எண்ணிலிருந்து தொடங்கினால் விகிதம் பெரிதாகத் தெரியும். “ஆமாம் ஐயா, விகிதத்தில் கணவருக்குத்தான் அதிகம். ஆனால் மனைவி இழப்பது ஓய்வு நேரம். அதை நிமிடத்தில்தான் அளக்க முடியும்; அதனால் நிமிடத்தைப் படமாகப் போட்டோம்.” எந்த அளவை எதற்காகத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்லத் தெரிவதே இந்தக் கேள்விக்கான பதில்.

*“அரசாங்கக் கணக்கு என்ன சொல்கிறது?”* இங்கே பலர் வழுக்கிவிடுகிறார்கள். 2019 தேசியக் கணக்கெடுப்பின்படி சம்பளமில்லா வீட்டு வேலைக்கு ஒரு நாளில் பெண்கள் 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள். உடனே “எங்கள் ஊர்க் கணவர்கள் தேசிய சராசரியைவிட மோசம், 97 எங்கே, 35 எங்கே” என்று சொல்லத் தோன்றும். அது தவறு. அந்த 97 நிமிடம், அன்று ஏதாவது வீட்டு வேலை செய்த ஆண்களின் சராசரி மட்டுமே. அப்படிச் செய்த ஆண்கள் 26.1 சதவீதம்தான். வேலை செய்யாதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஓர் ஆணுக்குச் சுமார் 25 நிமிடம்தான் வரும். பெண்களில் 81.2 சதவீதம் பேர் செய்ததால், எல்லாப் பெண்களுக்குமாகக் கணக்கிட்டால் சுமார் 243 நிமிடம். மாணவிகள் 24 கணவர்களையும், பூஜ்யம் உட்பட, சேர்த்துத்தான் சராசரி எடுத்தார்கள். எனவே 35ஐ 25ஓடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் தேசியக் கணக்கு ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லாரையும் கேட்டது என்பதால் ஒப்பீடு தோராயமானதே. இவ்வளவும் போஸ்டரில் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். கேட்டவருக்கு ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

*“வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார்கள், எப்படி நம்புவது?”* இதற்கு ஆய்வின்போதே தயாராகியிருக்க வேண்டும். மாணவிகள் ஒவ்வொருவரிடமும் இணையரின் நேரத்தையும் கேட்டிருந்தால், ஞாயிறன்று கணவர்கள் தங்களுக்குச் சொன்னது 70 நிமிடம், மனைவிகள் அவர்களுக்குச் சொன்னது 50 நிமிடம் என்பதுபோல ஒரு வேறுபாடு கையில் இருக்கும். “படத்தில் அவரவர் சொன்னதைப் போட்டிருக்கிறோம். மனைவி சொன்னதை எடுத்திருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும்” என்று சொன்னால், கேட்டவருக்கு எண்ணின் மேலும் நம்பிக்கை வரும், அதன் நெளிவு சுளிவும் தெரியும்.

*“பைக் கழுவுவது வீட்டு வேலை இல்லையா?”* வகைப்பாட்டைப் பற்றிய இந்தக் கேள்வி சிரிப்போடு வரும்; ஆனால் ஆழமானது. வாகனப் பராமரிப்பை வீட்டு வேலையோடு சேர்ப்பதே சர்வதேச வகைப்பாட்டு வழக்கம். மாணவிகளும் சேர்த்திருந்தால், “சேர்த்துத்தான் 70 நிமிடம்” என்று ஒரே வரியில் முடிந்துவிடும். எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்ற பட்டியல் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

*“அவர்கள் விரும்பித்தானே செய்கிறார்கள்? குடும்பம் என்றால் அப்படித்தானே?”* சில சமயம் இது கோபத்தோடும் வரும். வாதாட வேண்டாம். “நாங்கள் நேரத்தைத்தான் அளந்தோம் ஐயா, விருப்பத்தை அளக்கவில்லை. அதற்கு வேறு விதமாகக் கேட்க வேண்டும்” என்பதே போதும். கேட்பவர் ஆர்வம் காட்டினால், ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1989இல் எழுதிய ‘தி செகண்ட் ஷிப்ட்’ நூலைச் சொல்லலாம். வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்குக் காத்திருக்கும் இரண்டாவது ஷிப்டைப் பற்றியது அது. தம்பதிகள் இந்தப் பங்கீட்டைத் தமக்குள் எப்படி நியாயப்படுத்திக்கொள்கிறார்கள் என்பதையும் ஆராய்ந்தது. தரவு சொல்லாததைத் தரவின் பேரில் சொல்லாமல் இருப்பதே இந்த இடத்தில் ஆய்வாளரின் கடமை. “அதை நாங்கள் கேட்கவில்லை” என்பது தோல்வியான பதில் அல்ல.

தாளிலும் வாயிலும் வரக் கூடாதவை

சமூகவியல் போஸ்டருக்கு வேதியியல் போஸ்டருக்கு இல்லாத ஒரு பொறுப்பு இருக்கிறது. அதில் உள்ள புள்ளிகள் மனிதர்கள், அதே ஊரில் இருக்கிறார்கள், கண்காட்சிக்கும் வரலாம். தெருவின் பெயரைப் போடாமல் “ஒரு சிறிய ஊர்” என்று மட்டும் எழுதினாலும், “மூன்று பெண் குழந்தைகள் உள்ள தையல்காரர்” என்று சொல்லிவிட்டால் அக்கம்பக்கத்தார் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். புள்ளிப் படத்தில் வீட்டு எண் போடக் கூடாது. மனைவியின் புள்ளியையும் கணவரின் புள்ளியையும் கோட்டால் இணைத்துக் காட்டினால் ஒப்பீடு நன்றாகத் தெரியும் என்று தோன்றலாம். ஆனால் தன் புள்ளியை அடையாளம் காணும் கணவர், கோட்டின் மறுமுனையில் மனைவி தனியாகச் சொன்ன பதிலையும் படித்துவிடுவார். தனித்தனியே கேட்டதன் அர்த்தமே போய்விடும்.

அடுப்படிப் புகைப்படமும் அப்படித்தான். பேட்டிக்குச் சம்மதம் கொடுத்தவர் படத்துக்கும் சம்மதம் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தனியாகக் கேட்க வேண்டும். ஒருவர் சொன்ன வாக்கியத்தைப் போஸ்டரில் போட விரும்பினாலும், எப்படி அச்சாகப் போகிறதோ அதை அவரிடம் படித்துக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். “அந்த ஒன்பது பேர் யார்?” என்று யாராவது விளையாட்டாகக் கேட்டால், பேராசிரியரே ஆனாலும், “சொல்ல மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம், சார்” என்பதே பதில்.

மதிப்பெண் போடும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். போஸ்டரின் அழகுக்கும் அடர்த்திக்கும் கொடுக்கும் மதிப்பெண்ணில் ஒரு பகுதியைப் பதில்களுக்கு மாற்றுங்கள். மாணவர்கள் தாளை நிரப்புவதைத் தாங்களாகவே நிறுத்துவார்கள். மாணவர்களுக்கும் ஒன்று: நீங்கள் கேட்டு எழுதியவை அந்த வீட்டுக்காரர்கள் தங்கள் நேரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவை. கண்காட்சி முடிந்ததும் போஸ்டரின் ஏ4 படிகளை எடுத்துக்கொண்டு அந்த 24 வீட்டுக்கும் போங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த ஆய்வு அவற்றிலிருந்து தொடங்கட்டும்.